ஒரு காதோடு நின்ற காதுகுத்து

மாரடைப்பு எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது. இதோ அடுத்தது வந்துவிட்டது என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட தடவைகளுக்குத்தான் கணக்கில்லை. உண்மையில் வந்த அந்த ஒன்றை நான் கண்டுகொள்ளவே இல்லை என்பது இதில் பெரிய கேவலம். தாடையும் இடது கையும் கடுத்து, சட்டை நனையும்படி வேர்த்துக் கொட்டியபோது, வாயு என்று நானே முடிவுகட்டி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் பட்டறையில் ஆள்களை ஏவிக்கொண்டிருந்தேன். (நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை என்னுடையது.) மூன்று மணி நேரம் கழித்துச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி சுமதி என் முகத்தைப் பார்த்தாள். காருக்குள் தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். ரத்தக்குழாயில் ஒரு அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

வீடு திரும்பும்போது கையில் மாத்திரைப் பை இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு வகை, அவற்றை டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. கொழுப்புக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று. தனியாக ஒரு சின்ன டப்பியில், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. உட்கார்ந்துகொண்டு ஒன்று வையுங்கள், ஐந்து நிமிடம் பாருங்கள், வலி விடவில்லை என்றால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள் என்று நர்ஸம்மா இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். டப்பி என்பது மட்டும் மனதில் நின்றது, உட்கார்ந்துகொண்டு என்பது நிற்கவில்லை.

அதன்பிறகு எட்டு மாதம் நான் செய்த ஒரே வேலை என்னை நானே காவல் காத்ததுதான். விரலில் மாட்டும் கருவி ஒன்று, கையில் கட்டும் பிரஷர் கருவி ஒன்று. காலையில் எழுந்ததும் நாடி பார்ப்பேன். பார்க்கிற பயத்தில் நாடி ஏறும். ஏறிவிட்டதே என்று மறுபடி பார்ப்பேன். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடமாட்டேன், சுமதி வெளியே நின்று நான் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் நின்றால் அவள் கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டால் நான் பதறுவேன். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள், நடந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று அதை விட்டுவிட்டேன். நெஞ்சு இருந்தால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும் என்று சுமதி சொன்னாள். எனக்கு அது நக்கலாகத் தெரிந்தது. உண்மையில் அவள் அசந்து போயிருந்தாள். எனக்கும் அசதிதான். பயப்படுவது இவ்வளவு உடம்பு வலிக்கிற வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த எட்டு மாதமும் எனக்காக ஒரு காதுகுத்து காத்திருந்தது. என் தங்கை கவிதாவின் மகள் யாழினிக்கு ஆறு வயது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மூன்று தடவை நாள் குறித்தாள், மூன்று தடவையும் உடம்பு சரியில்லை என்று தள்ளினேன். யாரையாவது மாமன் முறைக்கு உட்காரவைத்துக்கொள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கவிதா அன்றைக்குப் போனை வைத்தவள் ஒரு வாரம் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் வெறுங்காதோடு நிற்கும் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் கேட்பதைவிட, அண்ணன் மடி இல்லை என்று ஆவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நான்காவது தேதிக்கு ஒத்துக்கொண்டேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வம் கோயில். போகிற வழியில் ஈசிஜி எடுக்கிற இடங்கள் எத்தனை என்று முன்னாடியே விசாரித்து வைத்திருந்தேன். (மனுஷன் சீர்த்தட்டு எத்தனை என்றல்லவா பார்த்திருக்க வேண்டும்.) சாப்பிட்டால் வாயு வரும், வாயு வந்தால் எது எது என்று தெரியாமல் போய்விடும் என்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. காலை மாத்திரைகளை மட்டும் போட்டுக்கொண்டேன், பிரஷர் மாத்திரை உள்பட. பங்குனி வெயில். யாழினிக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசி என் மடியில் வைத்தார்கள். பிள்ளை நடுங்கியது. நானும் நடுங்கினேன். பார்த்தவர்களுக்கு ஒரே நடுக்கமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆசாரி வலது காதில் குத்தினார். யாழினி ஒரே கத்தாகக் கத்தி, தலையைப் பின்னால் எறிந்தாள். அந்தச் சந்தன மொட்டை நேராக என் நடு நெஞ்சில் வந்து இடித்தது.

வலித்தது. நெஞ்சில் வலி என்றதும் என் புத்தி அதோடு ஓடிப்போய்விட்டது. இதயம் தடதடவென்று அடித்தது, மூச்சு மேலும் கீழும் இழுத்தது, விரல் நுனி மரத்தது, உதட்டைச் சுற்றிச் சுருக்சுருக்கென்றது. பிள்ளையைச் சுமதி கையில் திணித்துவிட்டு எழுந்து நின்றேன். டப்பியைத் திறந்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். ஐந்து நிமிடம் யாரால் பொறுக்க முடியும். ஒரு நிமிடத்துக்குள் இன்னொன்றையும் வைத்தேன். தலை பிளக்கிற மாதிரி வலித்தது, கோயில் கோபுரம் சாய்ந்தது. சாய்ந்தது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். என் சொந்தச் சீர்த்தட்டுகளின் மேல், பொரிகடலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் விழுந்தேன்.

108 வந்தது. சுமதி என்னோடு ஏறிக்கொண்டாள். என் போனும், அவள் போன் இருந்த கைப்பையும் கோயிலிலேயே கிடந்தன. கவிதாவின் மாமனார் அந்தப் போனைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். அவர் ஆத்தூர்ப் பக்கத்து மனிதர், ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். லாரித் தொழில் பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் போன் அடித்தது. எடுத்தார். பேசியது எங்கள் பட்டறை மேஸ்திரி செல்வராஜ். அவனுக்குக் கோயிலில் நடந்தது எதுவும் தெரியாது. வண்டி ஓனர் புது லாரியை எடுக்க வந்து நிற்கிறார், செல்வராஜுக்கு அவசரம்.

"பாடி முடிஞ்சுதுங்க. மத்தியானத்துக்கு மேல எடுத்துக்கலாம்னு சொல்லிட்டேனுங்க. வரும்போது பெரிய மாலையா ஒண்ணு வாங்கியாந்துருங்க."

அவ்வளவுதான் சொன்னான், வைத்துவிட்டான். பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ பேசினார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தக் கோயிலில் என்ன நடந்தது என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. சமையல்காரர் இலை போடுவதை நிறுத்திவிட்டார். ஆசாரி ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

இங்கே ஆஸ்பத்திரியில் நான் நிமிர்ந்து படுத்திருந்தேன். ஈசிஜி ஒட்டுவதற்காக நர்ஸம்மா என் நெஞ்சிலிருந்த சந்தனத்தைத் துடைத்தார். பழைய ஈசிஜியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், மாற்றம் இல்லை. இதயத் தசைக்குச் சேதம் வந்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள், அது தெரிய நேரம் பிடிக்கும் என்று மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள். எக்கோவும் எடுத்தார்கள். டாக்டரம்மா இளவயது. மொட்டை இடித்த இடத்தில் விரலால் அமுக்கி, வலிக்கிறதா என்றார். அலறினேன். அதற்குப் பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். இடித்த வலி எலும்புக்கும் சதைக்கும் வந்தது. விரல் மரத்தது பயத்தில் மூச்சை வேகமாக இழுத்து விட்டதால். விழுந்தது, வெறும் வயிற்றில் நின்றுகொண்டு அடுத்தடுத்து இரண்டு மாத்திரை வைத்து ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியதால்.

நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். இனி வலித்தால் வரமாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்தது தப்பே இல்லைங்க. எது பயம், எது அட்டாக்குன்னு ஊட்ல உக்காந்து நீங்க கண்டுபிடிக்க வேண்டாம், அது எங்க வேல. ஆனா பயத்துக்கும் வைத்தியம் இருக்குதுங்க. அதையும் வந்து பாருங்க."

இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்திருந்த நேரம். எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான்காவது இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. பெரியவர் நின்றார், கையில் ஆளுயர ரோஜா மாலை. பின்னால் பத்துப் பதினைந்து பேர்.  வாங்க, சாப்பிடுறீங்களா என்று கேட்டேன்.

கவிதா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. இடுப்பில் யாழினி, ஒரு காதில் மட்டும் தோடு. பெரியவர் போன் விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்ல, சுமதிக்குத்தான் முதலில் புரிந்தது, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கவிதா மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏனுங்ண்ணா, செத்தா ஒரு நாளைக்கு அழுதுட்டுப் போறோம். எட்டு மாசமா உசுரோட இருக்கறவரப் பாத்து அழுதுட்டு இருக்கறோமுங்க, முடியலீங்க."

இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். சுமதியைப் பார்த்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். குளியலறைக்கு வெளியே எட்டு மாதம் நின்றவள் அவள். எனக்கு அழுகை வந்தது, எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அதன்பிறகு டாக்டரம்மா சொன்ன இடங்களுக்கெல்லாம் போனேன். நடக்கிற பெல்ட்டில் ஏற்றி இதயத்தைப் பரிசோதித்தார்கள், தாங்கியது. வாரத்தில் மூன்று நாள், என்னைப் போல ஸ்டென்ட் வைத்த ஆறு பேரோடு ஒரு கூடத்தில் நர்ஸம்மா கண்காணிக்க நடந்தேன். எல்லோருக்கும் அதே பயம், எல்லோரிடமும் அதே டப்பி. பயத்துக்கு என்று இருந்த மனநல டாக்டரம்மாவிடமும் போய்ப் பேசினேன். நாடி பார்ப்பதை நாளுக்கு ஒரு தடவையாகக் குறைக்கச் சொன்னார். முதல் வாரம் கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே கோயில், அதே ஆசாரி. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனேன். யாழினி என் மடியில் ஏறி உட்கார்ந்ததுமே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரலும் லேசாக மரத்தது. எழவில்லை. மூச்சை மெதுவாக விட்டேன். எட்டு மாதத்திலும் பிறகும் நான் வீட்டு மனிதர்கள் யாரிடமும் நேராகச் சொல்லாத ஒன்றை அந்தப் பிள்ளையின் காதில் சொன்னேன்.

"சாமி, மாமனுக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தான் மாமா. கெட்டியாப் புடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டேன். ஆசாரி குத்தினார். அவள் கத்தினாள், தலையை எறிந்தாள், மறுபடியும் இடித்தாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் கை நடுங்கியதில் பிள்ளை ஆடி, ஊசி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. இடது காதுத் தோடு வலதைவிட ஒரு நெல்மணி அளவு தாழ்ந்து தொங்கும். எந்த விசேஷத்திலும் யாராவது கவனித்துக் கேட்டுவிடுவார்கள். வலது காது மாமன் செத்தப்போ குத்துனது, இடது காது பொழச்சப்போ குத்துனது என்று யாழினியே சொல்வாள். ஆத்தூர்ப் பெரியவர் இன்றும் எனக்குப் போன் செய்தால் எடுத்த எடுப்பில், பாடி எப்படி இருக்குது என்றுதான் கேட்பார். ஓடுதுங்க என்பேன். பயம் முழுசாகப் போய்விடவில்லை, சில நாள்களில் நெஞ்சில் சின்னதாக ஏதோ இழுக்கும். அப்போது முதலில் உட்காருவேன். பிறகு சுமதியைக் கூப்பிட்டு, பயமாக இருக்கிறது என்று சொல்வேன். அவளும் வந்து பக்கத்தில் உட்காருவாள்.