பத்தாம் கலியாண நாள் வாசகக்காரர்

மட்டக்களப்பு வாவியில் எத்தனை சாதி மீன் உண்டென்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆனால் அதன் கரையில் வாழும் ஒரு சாதிப் புருஷனை மட்டும் இதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வருடம் முழுவதும் மனைவியோடு "சோறு போடு", "சாவி எங்க?" என்ற இரண்டே வசனங்களில் குடும்பம் நடத்திவிட்டு, கலியாண நாள் வந்ததும் பேஸ்புக்கில் "தேவதையே, என் சுவாசமே, ஏழேழு பிறவிக்கும்..." என்று வாசகம் எழுதும் புருஷன். தெரியுமா? தெரியாமல் என்ன!

கல்லடித் திவாகரன் இந்த இனத்தின் அசல் வித்து. போன வருடம் அவர் எழுதியதைப் பார்த்து, வெட்கம் தாங்காமல் மனைவி தக்ஷாயினி அதிலிருந்து தன் பெயரை நீக்கிவிட்டார். அவ்வளவுதான்! கனடாவிலிருந்து கரடியனாறு வரை சொந்தக்காரர்கள் தொலைபேசியில்: "ரெண்டு பேருக்கும் ஏதும் பிரச்சினையோ?" இது 2015, பத்தாவது கலியாண நாள். இம்முறையும் பெயர் போனால் சொந்தக்காரர்களே விவாகரத்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஆள் எழுதினார்: "சுனாமியிலும் கைவிடாத கை!"

தக்ஷாயினி மீன் வெட்டியபடியே சொன்னார்: "இஞ்சாருங்க, சுனாமியண்டைக்கு நான் சித்தாண்டியில எங்கட வீட்டில. உங்கள ஆரெண்டே தெரியா."

அழித்தார். "போரிலும் உன் கேடயமாய்..."

"ஷெல் அடிச்ச நேரம் கட்டிலுக்குக் கீழ முதல்ல பூந்தது ஆர்?"

அதுவும் போச்சு.

"அப்ப என்னத்தத்தான் எழுதுற?"

"நேத்து நடந்தத எழுதுங்க."

"நேத்து ஒண்டும் நடக்கல்லயே!"

"அதத்தான்."

மனிதர் கைபேசியை மறுபடி எடுத்தார். பிறகு, ஸ்டூடியோவில் அன்னப்பறவைத் திரைக்கு முன்னால் எடுத்த கலியாணப் படத்தைத் தூக்கிவிட்டு, கல்லடிப் பாலத்தில் ஹெல்மெட்டும் மரக்கறிப் பையுமாய் இருவரும் முழிக்கும் படத்தைப் போட்டார். முதல் வரிகளுக்குப் பிறகு மிச்சத்தைப் பேஸ்புக் மடித்துவிடும் என்பதால் நல்லதை முன்னுக்கு வைத்தார். "அன்பே"யை வெட்டினார், "உயிரே"யை வெட்டினார், பதினொரு இதயப் படங்களையும் வெட்டினார். வலித்திருக்கும், பாவம். மிஞ்சியது இது:

"மீன்ல நடுத்துண்ட இவ எனக்கு வைப்பா, நான் இவட சோத்துக் கோப்பைக்கு மாத்துவன், கடைசியில மகள் திண்டிருவாள். கதவு பூட்டிட்டன் எண்டு நான் சொல்லுவன். இவ எழும்பிப் போய்ப் பாப்பா. ஊரில நடக்காததெல்லாம் நடந்த பத்து வருசத்தில, எங்கட வீட்டில ஒண்டும் நடக்கல்ல. கடவுளே, இன்னொரு பத்து இப்பிடியே தா."

தக்ஷாயினி வாசித்தார். கையைக் கழுவிவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"போடுங்க. என்ர பேரையும் சேத்து."

அரை மணித்தியாலம் ஆகவில்லை, காத்தான்குடியிலிருந்து சிநேகிதர் ஷாமில் அழைத்தார்: "மச்சான், பேர மட்டும் மாத்தி நானும் போடட்டா?"

சிரிக்கிறீர்களா, வாசகரே? தாராளமாய்ச் சிரியுங்கள். ஆனால் சற்றுமுன் அந்த மீன் வரியைக் கைபேசியில் நைசாய் நகலெடுத்தீர்களே, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போடுமுன் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: உங்கள் வீட்டில் சைவம்.