தங்கையின் நாட்டு எண்

"இன்னைக்கும் அதே தடியன்தான் எடுக்கிறான்" என்று பாட்டி பட்டன் போனைக் கட்டில் மேல் எறிந்தாள்.

நாலு நாளாக இந்தக் கூத்து. வெளிநாட்டிலிருக்கும் தங்கையோடு போன மாதம் சண்டை. "நீயே கூப்பிட்டு வான்னு சொன்னாத்தான் வருவேன். அடுத்த மாசம் மொத வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா டிக்கெட் எடுக்க மாட்டேன்" என்று தங்கை போனை வைத்துவிட்டாள். பாட்டிக்கு வீம்பு இறங்கவே மூன்று வாரமாயிற்று. இறங்கிக் கூப்பிட்டால், யாரோ ஓர் ஆள் எடுத்துப் புரியாத பாஷையில் கத்துகிறான். இன்று வியாழக்கிழமை.

"எம்மேல உள்ள கோபத்துல ஆள் வெச்சுப் பேசறா. அவ்வளவு திமிர்" என்றாள் பாட்டி. வயதான காலத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு தங்கைதான்.

"இரு, நான் பார்க்கறேன்" என்றார் தாத்தா. வழக்கமாகச் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காத மனிதர், இந்த விஷயத்தில் மட்டும் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றார். "முன்னாடி ஒரு கூட்டல் குறி இருக்கு பாரு. அதுதான் குழப்புது. எடுத்துட்டு அடி."

எடுத்துவிட்டு அடித்தாள். அழைப்பு ஊரைத் தாண்டவே இல்லை. எண்ணைச் சரிபார்க்கும்படி உள்ளூர்ப் பெண்குரல் நிதானமாகச் சொன்னது.

"நாலு நாளா அதைத்தானேடி செய்யறேன்" என்று பதிவுக்குரலிடம் எரிந்து விழுந்தாள் பாட்டி.

தாத்தா பழைய டைரியைப் புரட்டினார். "இங்க பாரு, அவ எழுதிக் கொடுத்த எண் சைபர் ஏழுன்னு ஆரம்பிக்குது. போன்ல அந்த சைபரைக் காணோம். கூட்டல் குறியோட சைபரையும் சேர்த்து அடி."

சேர்த்து அடித்தாள். இப்போது தடியன்கூட வரவில்லை. வேறொரு பதிவுக்குரல், தடியனின் பாஷையில்.

"விட்டுத் தள்ளு. அவளுக்கே வர இஷ்டமில்ல போலிருக்கு" என்றார் தாத்தா, மிகுந்த வருத்தத்தோடு.

"போன தடவை அவ வந்தப்ப உங்களை மூணு மாசம் ஹால்ல படுக்க வெச்சா, டிவி ரிமோட்டைத் தொட விடலை. அப்படியும் அவளுக்காக வருத்தப்படறீங்க பாருங்க" என்றாள் பாட்டி. கோபத்துக்கு நடுவிலும் கொஞ்சம் நெகிழ்ந்தாள். "கெளம்புங்க, முக்கு மொபைல் கடையில கேட்டுடலாம்."

தாத்தா சட்டென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "வலி உயிர் போகுது. அந்தக் கடைக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சனிக்கிழமை வேற கடைக்குப் போவோம்."

"சனிக்கிழமை எதுக்கு, தலைமுழுகவா?" என்று பாட்டி செருப்பை மாட்டினாள்.

கடையில் கவுண்ட்டர் பெண் இருந்தாள். பின்னால் மேசை விளக்கின் கீழே ரிப்பேர்காரர் குனிந்து ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். பாட்டி நாலு நாள் எரிச்சலையும் கவுண்ட்டரில் கொட்டினாள்.

"இருங்கம்மா" என்று பெண் போனை வாங்கினாள். "கூட்டல் குறி இருக்கணும். அது இருந்தாத்தான் வெளிநாட்டுக்குப் போகும். அது வரலைன்னா ரெண்டு சைபர் போடலாம். அப்புறம் நாட்டு எண். அது போட்டதும், அவங்க ஊருக்குள்ள அடிக்கிற முதல் சைபரை விட்டுடணும். இதுல விட்டிருக்கு, சரிதான்."

"அப்ப என்னதான் கோளாறு?"

பெண், வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். போன மாதம் தங்கை கடைசியாக அழைத்தது அதில் இருந்தது. "இதோ. அவங்க கூப்பிட்டப்ப நாட்டு எண் நாலு நாலு. நீங்க சேமிச்சு வெச்சிருக்கறது நாலு ஒன்பது. அது வேற நாடும்மா. மீதி எண் அப்படியே அங்க ஒரு வீட்டுக்குப் போயிருக்கு. பாவம், அந்த ஆள்."

சைபர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கூட்டல் குறியை வரவழைத்து, நாலு நாலு போட்டு, மீதி எண்ணை அடித்துக் கொடுத்தாள். மணி அடித்தது.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? ஒரு மாசமா போனையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் தங்கை. குரல் உடைந்திருந்தது.

"கத்தாதடி. நாலு நாளா ஊர்பேர் தெரியாதவங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நான். டிக்கெட்டைப் போட்டுத் தொலை. மூணு மாசமெல்லாம் பத்தாது, ஆறு மாசம் இருக்கற மாதிரி வா."

வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். துடைத்ததும் கோபம் திரும்பி வந்தது. "ஒன்பது எப்படி வந்துச்சு? எனக்கு இதுல எண்ணை மாத்தவே தெரியாது."

ரிப்பேர்காரர் தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தார்.

"நான்தாம்மா மாத்தினேன். போன வாரம் உங்க வீட்டுப் பெரியவர் கொண்டு வந்து கேட்டாரு. சனிக்கிழமை வந்து திரும்பப் பழையபடி மாத்திக்கிறேன்னாரே."