கோட்டு நைனாவும் எங்கள் கல்யாண நாள் வீடியோவும்

எழுபதுகளில் ராயபுரம் மாதா கோயிலில் தாலி கட்டிய மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே கோட்டுக்குள்தான் நின்றிருப்பார்கள். அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் கோட்டு நைனா. நிஜப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா தெரியாது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கறுப்புக் கோட்டை ஒரு கப்பல் கேப்டன் கழற்றிக் கொடுத்ததாகச் சொல்வார். ஒரு நாள் கிரேக்கக் கேப்டன், மறுநாள் ரஷ்யக் கேப்டன். யார் கேட்டாலும் இரவல் தருவார், காசு வாங்கமாட்டார். ஆனால் கோட்டைத் தனியாக அனுப்பமாட்டார்.

"கோட்டு எங்க போவுதோ நானும் அங்கதான் போவேன். போட்டோல கோட்டுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு எடம் வை, போதும்" என்பார்.

வியாசர்பாடிக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனால், சீட்டு காலியாக இருந்தாலும் கோட்டை ஹேங்கரில் பிடித்தபடி நின்றுகொண்டே வருவார். உட்கார்ந்தால் மடிப்பு விழுமாம். பந்தியில் மாப்பிள்ளை இலை முன் உட்காரும்போது, "கோட்டக் கழட்டு மாமு, அப்பால துன்னு" என்று அதட்டுவார்.

எங்கள் கல்யாணத்தில் என் வீட்டுக்காரர் ஈர்க்குச்சி. தொளதொளத்த கோட்டின் முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, "மூச்சு மெதுவா வுடு, கிளிப்பு தெறிக்கும்" என்றார் நைனா. போட்டோவில் என் புருஷன் மூச்சடக்கி நிற்கிறார், நான் தலை குனிந்து நிற்கிறேன். நைனா மட்டும் அவர் தோளில் கைவைத்து, மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார். பிள்ளைகளின் ஞானஸ்நானப் போட்டோக்களிலும் இதே கதைதான்.

ஐம்பதாவது கல்யாண நாளுக்கு அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு வீடியோ செய்யப் பிள்ளைகள் முடிவு செய்தார்கள். மகன் அந்தோணி, கறுப்பு அட்டையில் ஒட்டியிருந்த படங்களை ஆல்பத்தோடு ஜன்னலோரம் வைத்து, பளபளப்பு விழாமல் சாய்த்துச் சாய்த்துப் போனில் எடுத்தான். வருஷ வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றும் ஐந்து விநாடி நிற்கும்படி செய்தான். உயரப் படத்தை டிவி அகலத்துக்கு இழுத்ததில் என் தலை போய்விட்டது. அப்புறம் படத்தை முழுசாக நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அதையே மங்கலாக விரித்தான். துபாயில் இருக்கும் மகள் ஸ்டெல்லா தன் வாழ்த்தைப் பேசி அனுப்பினாள். அந்தோணியும் தன் வாழ்த்தைப் பேசிப் பதிந்தான். இரண்டு பேரும் ஒரே விஷயத்தையே சொல்லியிருந்தார்கள். ஒரே வாழ்த்தை எழுதி, ஆளுக்கொரு வரியாகப் பிரித்து மறுபடி பேசினார்கள். பேச்சு வரும் இடத்தில் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முடித்ததும் முதலில் எனக்கு மட்டும் போட்டுக் காட்டினான். கல்யாணப் போட்டோ வந்தது. நைனாவைக் காணோம்! அவர் நின்ற இடத்தில் ஸ்டுடியோ தூண் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. என் புருஷன் தோளில் நாலு விரல் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

"இன்னாடா இது, பேய் கை வச்ச மாதிரி?"

"யாரோ ஒரு ஆளும்மா, எல்லா போட்டோலயும் நடுவுல வந்து நிக்கிறாரு. போன்ல வெரலால தேய்ச்சா ஆளு பூடுவாரு. கையையும் தேய்ச்சிர்றேன் இரு."

"கைய எடு மொதல்ல! உன் கைய!"

அவனை உட்காரவைத்துச் சொன்னேன். நைனாவுக்குக் கல்யாணமில்லை, சொந்தமில்லை. பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் முன்பே அவர் செத்துப்போனார். அன்று பூமாலை போட, தெருவெல்லாம் அவர் போட்டோ தேடினோம். தனியாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் யாரோ ஒருவர் கல்யாணப் படம். உயிரோடு இருக்கிற பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற படத்துக்கு யார் மாலை போட விடுவார்கள்? கடைசியில் ஆணியில் தொங்கிய கோட்டுக்கு மாலை போட்டோம். அப்புறம் அதையே அவருக்கு மாட்டிப் பெட்டியில் வைத்தோம். அவர் அந்தக் கோட்டைப் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"இந்தப் படத்துல இருந்தும் அவர அழிச்சிட்டா, அந்த மனுஷன் அப்புறம் எங்கடா இருப்பாரு?"

தேய்க்காத படங்கள் போனில் அப்படியே இருந்தன. அந்தோணி அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டான். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு இன்னும் ஒரு வரி சேர்த்துப் பேசச் சொன்னான்.

விழா அன்று பென்டிரைவை ஹால் டிவியில் செருகினார்கள். முதல் படத்திலேயே என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அடிங்க, நம்ம நைனா! தோ பார்றா, கைய எடுக்கவே மாட்டான்!" பழைய தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். படத்துக்குப் படம் நைனாவுக்குத்தான் கைதட்டல். எங்களை யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் ஸ்டெல்லா குரல் வந்தது: "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்துல நின்ன நைனா தாத்தாவுக்கும் எங்க முத்தம்."

பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இன்னாங்க, அழுவுறீங்களா?" என்றேன்.

"மூச்ச அடக்கினு கீறேன்டி" என்றார். நானும்தான் அடக்கிக்கொண்டிருந்தேன்.