நாலாவது கடிதம்

மாமா வீட்டு வாசலில், ஸ்கூட்டர் சீட்டை மேஜையாக்கி விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தான் அவன். மணி நாலு இருபது. ஐந்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால், செல்போன் ரிப்பேர் கடை போட அவன் பார்த்து வைத்த பெட்டிக்கடை, போன் கவர் விற்கிறவன் கைக்குப் போய்விடும்.

வாயால் கடன் கேட்டால் அந்த வீட்டில் செல்லாது. எல்லாம் எழுத்தில் வேண்டும்.

தபாலில் போன முதல் கடிதம் உடம்பெல்லாம் சிவப்பு மையோடு திரும்பியிருந்தது. 'மைக்ராஸ்கோப் எதற்கு? கொசுவுக்கு வைத்தியம் பார்க்கவா?'

பயந்துபோய் மைக்ராஸ்கோப்பை நீக்கிவிட்டு, இன்று மதியம் இரண்டாவதை நேரிலேயே கொண்டு வந்தான். மாமா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார்.

"ஏன் மாப்ள, போனுக்குள்ள போர்டுல பார்ட்ஸ் எல்லாம் கடுகைவிடச் சின்னதா இருக்குமாமே? வெறுங்கண்ணால எப்படிப் பாப்ப?"

"அதுக்குத்தான மாமா மைக்ராஸ்கோப் கேட்டேன்!"

"எழுத்துல குடு."

மூன்றாவதில் மைக்ராஸ்கோப் திரும்பி வந்தது. தொகை ஏறாமலிருக்க, சூடான காற்று ஊதும் மெஷினை வெட்டினான். மாமா மறுபடி உள்ளே போய் வந்தார்.

"சூடு காட்டாம சிப்பை எப்படிடா கழட்டுவ? கெஞ்சிக் கேட்டா வந்துடுமா?"

"மாமா, அந்தப் பெட்டிக்கடைக்காரர் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கார்!"

"அப்ப சீக்கிரம் எழுது."

போனால் போகட்டும் என்று நாலாவதில் ஒன்றையும் மறைக்கவில்லை. மைக்ராஸ்கோப், காற்று மெஷின், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாம் வேண்டும். அதிகம் வருவது சார்ஜிங் போர்ட் வேலை. அதற்கான பாகத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைப்பேன். டிஸ்ப்ளே விலை அதிகம். ஆர்டர் வந்தபின் முன்பணம் வாங்கித்தான் எடுப்பேன். போனைக் கழற்றுமுன் கேமரா, மைக், டச் மூன்றையும் வாடிக்கையாளர் எதிரிலேயே சோதித்துச் சீட்டில் எழுதுவேன். தண்ணீரில் விழுந்த போனுக்கு உத்தரவாதம் கிடையாது. கடனை மாதாமாதம் பத்து தவணையில் அடைப்பேன்.

மாமா கடிதத்தோடு உள்ளே போனார். நாலு முப்பத்தைந்து. நாலு நாற்பது.

கதவு திறந்தது. மாமா கையில் தடித்த உறை.

"இந்தா. பாஸாயிடுச்சு."

"மாமா! உங்களை என்னமோ கல்நெஞ்சுன்னு நெனச்சேன், மன்னிச்சிடுங்க!"

ஸ்கூட்டரைக் கிளப்பியவனின் கையை மாமா பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, ஒரு சாய்வு நாற்காலி வேணும்னு நான் உன் அத்தைக்கு எழுதின லெட்டர் ஏழு தடவை திரும்பி வந்துடுச்சுடா. கடைய முடிச்சிட்டு வந்து எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்!"