நாலாம் காசும் இறக்காமத்து யானையும்

எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் புது மாப்பிள்ளைக்கு யாரும் 'இல்லை' சொல்ல மாட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் பெண் வீட்டில்தான் குடியேறுவோம். மாமி மீன் தலையை நமக்கு வைப்பார், மாமா தன் நாற்காலியை நமக்கு விடுவார், நாம் என்ன உளறினாலும் "ஓம் மருமகன்" என்பார்கள். இதைப் போல ஆபத்தான மரியாதை வேறில்லை. சாய்ந்தமருதில் என் மாமனார் வீட்டில் அதை நான் நிரூபித்தே காட்டினேன்.

கல்யாணத்துக்கு முன் அறுகம்பையில் ஒரு விடுதியில் கணக்கெழுதினேன். அங்கே ஒரு சீசன் முழுக்கத் தங்கிய வெள்ளைக்கார அம்மா எனக்கு டாரட் அட்டை பார்க்கக் கற்றுத் தந்து, போகும்போது அட்டைக்கட்டையும் தந்துவிட்டுப் போனார். குறி கேட்பது நம் மார்க்கத்தில் கூடாது என்று தெரியும். "நான் எதிர்காலத்தைக் கேட்கவில்லை, யோசிப்பதற்கு ஒரு படம் பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (இந்தச் சமாதானத்தை ஒரு மௌலவியிடம் சொல்லிப் பார்க்கும் துணிவு இன்றுவரை வரவில்லை.)

அந்த அட்டைக்கட்டில் நான்கு வரிசைகள். கோப்பை என்றால் மனசு, வாள் என்றால் யோசனை, கோல் என்றால் வேகம். மண்ணுக்குரியது காசு வரிசை. வட்டக் காசுக்குள் ஐந்து முனை நட்சத்திரம். சம்பளம், சேமிப்பு, வீடு, நிலம் எல்லாம் அதற்குள். காசு விஷயம் கேட்க வேண்டுமென்றால் நான் அந்தப் பதினாலு அட்டைகளை மட்டும் பிரித்தெடுத்துக் குலுக்குவேன்.

என் தலைக்கனத்துக்குக் காரணம் எட்டாம் காசு. பிறகு கல்முனையில் கிடைத்த கணக்கு வேலையை விட்டுவிட்டு ஒரு கூட்டாளியோடு போன் கடை போடலாமா என்று யோசித்தபோது அது வந்தது. ஒருவன் வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு காசு காசாகச் செதுக்கிக்கொண்டிருக்கும் படம். கையிலிருக்கும் தொழிலை விடாமல் பழகு என்று அர்த்தம். நான் வேலையிலேயே இருந்துவிட்டேன். கூட்டாளியின் கடை அடுத்த பெருநாளைக் காணவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு பொருளாதார மேதை.

நான் மாப்பிள்ளையாகப் போன அந்தப் போகம், இறக்காமத்தில் மாமாவின் வயல் நன்றாக விளைந்திருந்தது. அந்த நெல்லை விற்றுத்தான் மச்சிக்கு, அதாவது என் மனைவி றிஹானாவின் தங்கைக்கு, சீதன வீட்டுக் கூரைக்குக் கொங்கிறீட் போட வேண்டும். கொங்கிறீட் விழுந்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பவ்வியமாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் சொல்லியிருந்தார்கள்.

மாமா வழக்கமாக வெட்டு மெசின் கக்கிய நெல்லை வயலிலேயே லொறிக்காரனுக்கு விற்றுவிடுவார். அறுவடை நேரம் என்பதால் விலை அடிமட்டம். எனக்குப் பொறுக்கவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மூன்று அட்டை எடுத்தேன். முதலாவது நிலைமை, இரண்டாவது தடை, மூன்றாவது ஆலோசனை.

முதலாவது ஏழாம் காசு. ஒரு கமக்காரன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, செடியில் காய்த்த காசுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பாடுபட்டாயிற்று, நின்று கணக்குப் பார் என்கிற அட்டை. மாமாவே வந்து நின்றது போலிருந்தது. இரண்டாவது நாலாம் காசு. ஒருவன் ஒரு காசைத் தலையில் வைத்து, ஒன்றை நெஞ்சோடு கட்டிப்பிடித்து, இரண்டைக் காலால் மிதித்துக்கொண்டு இருக்கிறான். மூன்றாவது ஆறாம் காசு. ஒரு வியாபாரி கையில் தராசோடு, முன்னால் மண்டியிட்டவர்களுக்குக் காசு கொடுக்கிறான்.

வெள்ளைக்கார அம்மா தலையிலடித்துச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: படத்துக்கு முன் இடத்தைப் பார். நாலாம் காசு ஆலோசனை இடத்தில் வந்தால் 'சேமி' என்று எடுக்கலாம். தடை இடத்தில் வந்தால், உன் இறுக்கிப் பிடித்த கைதான் தடை. ஆலோசனையோ ஆறாம் காசு, நிறுத்துக் கொடுத்துப் புழங்க விடு என்கிறது. கட்டு இதைவிடத் தெளிவாகப் பேச, வாய்தான் வைத்திருக்க வேண்டும். நான் பிடிவாதக்காரன். 'பிடித்து வை, பிறகு நல்ல விலைக்குத் தராசில் போடு' என்று வாசித்துவிட்டு எழும்பினேன்.

"மாமா, நெல்லை இப்ப விக்க வேணாம். காய வெச்சுச் சாக்கில கட்டுவம். விலை ஏறும்" என்றேன்.

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம் மருமகன். அப்ப லொறியப் புடிச்சு இஞ்ச வீட்டுக்குக் கொண்டு வருவமா?"

"என்னத்துக்கு லொறிக் கூலி? வயல் வாடிக் கொட்டிலுக்குள்ளேயே கிடக்கட்டும்." (நாலாம் காசு என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.)

நான் அறைக்குத் திரும்பியபோது, பின்னால் வந்த றிஹானா மெத்தையில் கிடந்த அட்டைகளைக் கண்டுவிட்டாள். "இந்த அட்டையிட்டக் கேக்கிறத்துக்கு வாப்பாட்டக் கேட்டிரிக்கலாமே. அவர் எத்தின போகம் கண்ட மனிசன்?" என்றாள். நான் அட்டைகளை அடுக்கினேன்.

நெல்லைப் படங்கு விரிப்பில் பரப்பிக் காயவைத்து, சாக்கில் கட்டி வாடியில் அடுக்கினோம். காயவைத்த நெல் எங்களுக்கு மட்டும் மணக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வரும்போது மாமாவின் போன் அடித்தது. வயல் பார்க்கிறவர் சொன்ன செய்தி சின்னது: ஆனை வந்துட்டுப் போயிருக்கு.

போய்ப் பார்த்தோம். வாடியின் ஒரு சுவரே இல்லை. சாக்குகள் கிழிந்து, தின்றது பாதி, மிதித்தது பாதி என்று நெல் சேற்றோடு சேர்ந்து கிடந்தது. மாமா குனிந்து ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, திரும்பவும் கீழே போட்டார்.  என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிஞ்சிய நெல்லை அதே லொறிக்காரன் அடிமட்ட விலைக்கும் கீழே வாங்கிப் போனான்.

 வீட்டில் மச்சி குசினி மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீருக்கு அது போதுமான காரணம் என்று எல்லோரும் நடித்தோம்.  கொங்கிறீட் குறித்த நாளில் விழும், விழாவிட்டால் நான் இந்த வீட்டு மருமகன் இல்லை என்று முடிவெடுத்தேன். அட்டைக்கட்டை அடுப்பில் போட்டேன். என் மோட்டார்சைக்கிளை விற்றேன். அப்படியும் காசு கொஞ்சம் குறைந்தது. மேசனிடம் கெஞ்சி, ஒரு மூலைக்கு மட்டும் சீமெந்தைச் சுருக்கச் சொன்னேன்.

குறித்த நாளில் கூரைக்குக் கொங்கிறீட் விழுந்தது. எல்லோரும் போன பிறகு, மாமாவும் நானும் மணல் குவியலில் இருந்தோம். மனசிலிருந்ததைக் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது.

"மாமா, நான் ஒரு அட்டையப் பாத்துத்தான்..."

"தெரியும். றிஹானா அண்டைக்கே சொல்லிட்டா."

"அப்ப ஏன் மாமா 'ஓம்' எண்டிங்க?"

மாமா சாரத்தில் ஒட்டிய சீமெந்தைச் சுரண்டினார். "நீங்க இந்த வீட்டுக்கு வந்து மொத மொதலாச் சொன்ன யோசின. அதுக்குப் போய் இல்லெண்டு சொல்லக் கூடுமா? நெல்லு அடுத்த போகமும் விளையும், இன்ஷா அல்லாஹ்."

நான் குனிந்து என் சாரத்துச் சீமெந்தைச் சுரண்டத் தொடங்கினேன். 

மச்சியின் கல்யாணம் நல்லபடி நடந்தது. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். சீமெந்து சுருக்கிய அந்த மூலைக்கு வீட்டில் 'ஆனைட பங்கு' என்று பெயர். மாரி மழை தொடங்கினால் மச்சியின் முதல் போன் எனக்குத்தான் வரும்.

"மச்சான், ஆனைட பங்கு ஒழுகுது."

நான் தார் வாளியோடு போய் ஏறுவேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மாமா நிற்பார். "எந்தப் பக்கம் பூசட்டும் மாமா?" என்று கேட்பேன்.

"நீங்க சொல்லுங்க மருமகன்" என்பார்.