மூன்று காரணம் எழுதிய கடிதம்

அழகாக எழுதத் தெரிந்தவனுக்குச் சுருக்கமாக எழுதத் தெரியாது. இருபத்திரண்டு வயதில் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே கடிதம் எழுதுகிறவன் நான்தான். (ஐந்தாம் வகுப்பு பாஸ். அந்த லயத்தில் அது பி.ஏ.வுக்குச் சமம்.)

என் கூட்டாளி கருப்பையாவுக்கு ஒரு சங்கடம். நோட்டன் பிரிட்ஜில் லொறி ஓட்டும் அவனுடைய தாய்மாமா, தன் மகள் தங்கத்தை வேறு இடத்தில் கட்டிக் கொடுக்கிறார். சின்ன வயதிலிருந்து தங்கம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தவன் கருப்பையா. மாமா நேரில் வந்து வெற்றிலை வைத்து, "முறை மாப்பிள்ளை நீ. சபையில வேட்டி வாங்கிக்கிட்டு முன்னால நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவனும் தலையாட்டிவிட்டான்.

"தாலி கட்டுறப்ப என்னால அங்க நிக்க ஏலாதுடா. மாமா மனசு நோகாம எழுதிக் குடு" என்றான்.

எழுதினேன், மூன்று பக்கம். துரை லீவு தரமாட்டார், நெஞ்சுச் சளி, பஸ் வசதி இல்லை. நடுவில் நான்கு 'மன்னிக்கவும்', கடைசியில் 'முடிந்தால் வர முயல்கிறேன்'. படித்துப் பார்த்து நானே கண்கலங்கினேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. லீவுக்குத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் சொல்லியாகிவிட்டது, நான்கு நாள். சளிக்குச் சுக்குப் பொட்டலம் கூடவே வருகிறது. பஸ் வேண்டாம், வியாழக்கிழமை லொறியோடு தானே வருகிறார்!

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கெடுத்த மேற்பார்வையாளர் கண்டாக்கு, "சளி எப்படியிருக்கு, புது வேட்டி தயாரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கருப்பையா என்னைப் பார்த்த பார்வையில் தேயிலைக் கொழுந்தே வாடியிருக்கும்.

அவன் தங்கச்சி பாப்பாத்தி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்க, அந்தக் கடுதாசியில என்ன எழுதுனீங்க வாத்தியாரே? சொல்லுங்க" என்றாள். (நான் வாத்தியார் இல்லை. அது கிண்டல்.) சொன்னேன்.

"லீவு இல்லன்னு சொன்னா லீவு வாங்கித் தருவாரு. பஸ் இல்லன்னா லொறி கொண்டாருவாரு. மாமாவுக்கு நீங்க வேலைதான் குடுத்திருக்கீங்க."

எனக்கு எங்கோ உறைத்தது. நான் எழுதிய ஒவ்வொரு காரணமும் ஒரு பூட்டு. மாமா சாவியோடு நிற்கிற மனிதர். அப்படியானால் காரணமே சொல்லாவிட்டால்?

"மாமா ஏன் இவ்வளவு வற்புறுத்துறாரு?" என்று கேட்டேன்.

"முறை மாப்பிள்ளை வரலன்னா அவனுக்கு சம்மதமில்ல, பொண்ணு மேல ஏதோ குத்தம்னு ஊரு பேசும்ல? தங்கத்துக்குத்தானே கெட்ட பேரு" என்றாள் பாப்பாத்தி.

அப்போதுதான் விளங்கியது. மாமாவுக்கு வேண்டியது கருப்பையாவின் உடம்பு இல்லை, அவன் சம்மதம். என்னிடம் இருந்த கடித நகலையும் பென்சிலையும் எடுத்தேன். காரணங்களை அடித்தேன். 'மன்னிக்கவும்' நான்கும் போயின. 'முடிந்தால்' போனது. 'வர இயலாத நிலையில் உள்ளேன்' என்பதைப் பார்த்து, "நிலையை மாத்துறேன்னு வருவாரு" என்றாள். அதுவும் போனது. மிஞ்சியது இவ்வளவுதான்:

"அன்புள்ள மாமாவுக்கு, நீங்களே வந்து வெற்றிலை வைத்துக் கூப்பிட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். கலியாணத்துக்கு நான் வரவில்லை. இது யோசித்து எடுத்த முடிவு. முதல் கடிதத்தை மறந்துவிடுங்கள். இந்தக் கலியாணத்தில் எனக்கு முழுச் சம்மதம், இதைச் சபையில் வாசியுங்கள். எனக்குரிய வேட்டியை அம்மா வாங்கிக்கொள்வார். தங்கமும் மாப்பிள்ளையும் நன்றாக வாழட்டும். தைப் பொங்கலுக்கு இருவரும் எங்கள் லயத்துக்கு விருந்துக்கு வரவேண்டும்."

"பொங்கலுக்குள்ள மனசு சரியாயிருமாடா?" என்று கேட்டேன்.

கருப்பையா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினான். "ஆயிரும். எழுது."

வியாழக்கிழமை லொறி வந்தது. மாமா இறங்கினார், கருப்பையாவின் தோளில் கையை வைத்தார். அவன் அம்மாவை முன்சீட்டில் ஏற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டாவது கடுதாசி யாரு எழுதுனது தம்பி?" என்றார்.

"நான்தாங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"மொதக் கடுதாசி?"

"அது... கருப்பையாவேதாங்க."

"பொய் மாமா! ரெண்டும் இவருதான். மொதல்ல கெடுத்தாரு, அப்புறம் நான் சொல்லச் சொல்லத் திருத்துனாரு!" என்றாள் பாப்பாத்தி. லொறியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு கொட்டகலை வரை கேட்டிருக்கும்.

கடிதம் சபையில் வாசிக்கப்பட்டது. பொங்கலுக்குத் தங்கமும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கருப்பையாவே பரிமாறினான்.

பாப்பாத்தியைப் பின்னால் நானே கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் ஹட்டனில் படம் பார்க்கக் கூப்பிட்டால், பிள்ளைகள் எல்லாரும் காத்திருக்க, கையைக் கட்டிக்கொண்டு சொல்வாள்: "கூப்பிட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். நான் வரல. யோசிச்சு எடுத்த முடிவு. நீங்க போறதுல எனக்கு முழுச் சம்மதம்."

எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். இருக்காது. எழுதியவன் நான்தானே.