ஏ.கே.பி. பெண்டிங்

குடும்ப மானத்துக்காக எத்தனையோ பேர் எத்தனையோ தியாகம் செய்திருக்கலாம். வியாசர்பாடி பீம்ராவ் செய்த தியாகம் எல்லாவற்றையும் விடப் பெரியது. புது வேலையில் முதல் வாரம் முழுக்க அவர் யாரிடமும் எதற்கும் அர்த்தம் கேட்கவில்லை.

தொழிற்சாலை டைம் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதில் திருவொற்றியூர் கன்டெய்னர் கிடங்கில் கேட் பாஸ் போடச் சேர்ந்திருந்தார். கழுத்து அட்டையில் 'ஏ.கே. பீம்ராவ்'. அப்பாவுவின் பேரன், கிருஷ்ணப்பனின் மகன். அந்தப் பரம்பரையில் எவரும் 'தெரியாது' என்று சொன்னதே கிடையாது.

மேனேஜர் ரேகா சுருக்கமாகச் சொன்னார்: "பி.ஓ.இ. பாருங்க சார். ஓ.ஓ.சி., டி.ஓ. ரெண்டும் இருந்தா கேட் பாஸ். வெளிய போறப்ப ஈ.ஐ.ஆர்."

"ஆகட்டும்மா" என்றார் கம்பீரமாக.

பக்கத்து மேசை உதயாவிடம் மட்டும் சாடையாக விசாரித்தார். "இந்த ஓ.ஓ.சி. எல்லாம் ரொம்ப நாளா வழக்கத்துல கீதா?"

"போகப் போகப் புரியும் நைனா."

விஷயம் எளிதுதான். சரக்கை வரவழைத்தவர் சுங்கத்துக்குத் தரும் விவரம் பி.ஓ.இ.; வரி கட்டி, சோதனை முடிந்ததும் சுங்கம் தரும் விடுதலை ஓ.ஓ.சி.; 'பெட்டியை இவரிடம் ஒப்படையுங்கள்' என்று கப்பல் கம்பெனி எழுதித் தருவது டி.ஓ.; வெளியேறும் பெட்டியின் நசுங்கலையும் ஓட்டையையும் குறிப்பது ஈ.ஐ.ஆர். ஒரே கேள்வியில் எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் கேள்வி கேட்பவன் அற்பன் அல்லவா!

வியாழக்கிழமை டிரைவர் செங்குட்டுவன் காகிதங்களை நீட்டினார். எது ஓ.ஓ.சி., எது டி.ஓ.? சுங்க விடுதலை இல்லாமல் பெட்டி வெளியேறினால் வேலை போய்விடும் என்பது மட்டும் பீம்ராவுக்குத் தெரியும். லாரியை நிறுத்திவிட்டார்.

"இன்னா நைனா, எல்லாம் கரீட்டாத்தான கீது?"

ரேகா ஓடி வந்தார். "ஏன் சார் நிக்குது? என்ன பெண்டிங்?"

பீம்ராவ் தலை குனிந்தார். கண்ணில் பட்டது கழுத்து அட்டை.

"ஏ.கே.பி. பெண்டிங்."

ஆபீஸ் உறைந்தது. "ஐயையோ, ஏ.கே.பி. வாங்கலியா?" என்றார் ரேகா.

"நான் அப்பவே நெனச்சேன் மேடம்" என்றாள் உதயா.

தலைமை அலுவலகம் போனில் முழங்கியது: "ஏ.கே.பி. இல்லாம எதையும் விடாதீங்க!"

"பேஜாரா கீதே! அத்த எங்க வாங்கணும்?" என்றார் செங்குட்டுவன்.

"மேலருந்து வரணும்பா" என்றார் பீம்ராவ்.

மறுநாள் மாலை மேலிருந்து வந்தே விட்டது: 'இம்முறை மட்டும் ஏ.கே.பி. தளர்த்தப்படுகிறது.' காகிதங்கள் முதலிலிருந்தே சரியாக இருந்த லாரி, ஒரு நாள் தாமதமாக எண்ணூர் சாலையில் ஏறியது. விழிப்பாக இருந்ததற்காகப் பீம்ராவுக்குக் கைதட்டல்.

திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்த ஷாலு, எல்லோர் முன்னாலும் கூச்சமில்லாமல் கேட்டாள்:

"சார், ஏ.கே.பி.ன்னா இன்னா?"

ஆபீஸ் முழுவதும் அவளுக்காக வெட்கப்பட்டது.

"போகப் போகப் புரியும்மா."

"ஓ, உங்களுக்கும் தெரியாதா?"

அப்பாவுவின் பேரன், கிருஷ்ணப்பனின் மகன், கழுத்து அட்டையை மெல்லச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.